பெட்டி வேண்டாம், கொட்டேஷன் இருக்கட்டும்

ஆயுத பூஜைப் பொரி தீர்வதற்குள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆலைகளின் பர்ச்சேஸ் மேஜைகளுக்குத் தீபாவளிப் பெட்டிகள் வரத் தொடங்கிவிடும். வருஷம் முழுக்கச் சரக்கு கொடுக்கிறவர், பண்டிகைக்கு அரைக் கிலோ இனிப்பு கொடுக்கிறார். பெரும்பாலும் அதில் சூது எதுவும் இருக்காது. ஆனால் அதே வாரத்தில் அவருடைய கொட்டேஷன் முடிவாகாமல் நம் ஃபைலில் கிடந்தால் நிலைமை வேறு. அப்போது அந்தப் பெட்டியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கொடுக்கிறவர் முகம் வாடக் கூடாது, பின்னால் யாரும் விரல் நீட்டவும் கூடாது. சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் பலர் தடுமாறுகிற இடம் இது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நூல் ஆலை ஒன்றுக்கு மாதம் 15,000 அட்டைப் பெட்டிகள் வேண்டும். கோன் அடுக்கி அனுப்புகிற ஐந்து பிளை பெட்டி. கிராஃப்ட் காகித விலை ஏறிவிட்டது என்று சொல்லி, இப்போது கொடுத்து வருகிறவர் 62 ரூபாயை 66 ஆக்கச் சொல்லிக் கடிதம் கொடுக்கிறார். ஆலை மூன்று பேரிடம் விலை கேட்கிறது. 65.50, 65.20, 64.80 என்று மூன்று கொட்டேஷன் வருகின்றன. ஒப்பீட்டு அட்டவணை போட்டாயிற்று. அடுத்த வாரம் மூவரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். இந்த இடைவெளியில், 65.50 போட்டவரின் ஆள் ஒரு பெட்டியோடு வருகிறார். மேலே முந்திரி, பாதாம். அடியில் சிறு டப்பாவில் வெள்ளிக் காசு. மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் பெறும்.

“இதுக்காகவா நான் விலை போவேன்?” என்று பர்ச்சேஸ் மேனேஜர் நினைப்பது நியாயம்தான். அவர் போக மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கணக்கு அவர் பக்கம் இல்லை. வருஷத்துக்கு 1,80,000 பெட்டி. பெட்டிக்கு 2 பைசா கூடக் கிடைத்தாலே 3,600 ரூபாய். கொடுத்த அன்பளிப்பு அதிலேயே வந்துவிடும். பேரத்தின் கடைசிக் கட்டத்தில் 10 பைசாவுக்காக அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வாங்கி வைத்துக்கொண்டவருக்கு அந்த அரை மணி நேரம் கொஞ்சம் சீக்கிரமாகவே முடிந்துவிடும். வேண்டுமென்று விட்டுக்கொடுப்பதில்லை, இழுத்துப் பேசக் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான். அந்த 10 பைசா ஆலைக்கு வருஷத்தில் 18,000 ரூபாய்.

இதைவிடப் பெரிய சிக்கல் மற்ற இரண்டு பேர். ஆர்டர் 65.50 போட்டவருக்கே போகிறது என்று வையுங்கள். தரம் நல்லது, விலையையும் இறக்கிவிட்டார், எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனாலும் ஒரே பேட்டையில் பெட்டி செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் இருக்க மாட்டார்கள். யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்பது தோற்றவர் காதுக்கு வந்துசேரும். அப்போது மேனேஜரின் மனசாட்சி சாட்சிக்கு வராது. ஒரு கடிதம், ஒரு கேட் பாஸ், ஒரு கூரியர் ரசீது இருந்தால் அவை வரும்.

பெட்டி கைக்கு வருகிற தருணத்தில்தான் பாதி பேர் கோட்டை விடுகிறார்கள். ரிசப்ஷனில் நின்றுகொண்டு, “சார், ஸ்வீட்டுதானுங்க. முதலாளி எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னாருங்க” என்கிறார் வந்தவர். அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். இன்றைக்குப் பத்துக் கம்பெனிக்குப் போக வேண்டும். அவரிடம் நேர்மையைப் பற்றி வகுப்பெடுப்பதைப் போன்ற அபத்தம் வேறில்லை. உட்கார வைத்து, காபி கொடுத்து, இப்படிச் சொன்னால் போதும்: “ரொம்ப சந்தோஷம் தம்பி. முதலாளிகிட்ட என் வாழ்த்தைச் சொல்லுங்க. இங்க சப்ளையர்கிட்ட எதுவும் வாங்கறதில்லைன்னு கம்பெனி ரூல். பெட்டியை அப்படியே எடுத்துட்டுப் போயிடுங்க. உங்களுக்குத் தொந்தரவு வராம நானே ஆபீஸுக்கு மெயில் போட்டுடறேன்.”

கடைசி வாக்கியம் முக்கியம். வந்தவர் பெட்டியோடு திரும்பிப் போனால், அவருடைய முதலாளி முதலில் கேட்கப்போவது “ஒழுங்காக் கொடுத்தியா?” என்றுதான். மெயில் போனால் அவர் தப்பித்தார். நமக்கும் அதில் ஒரு காரியம் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியிலும் தீபாவளி அன்பளிப்புக்குப் பட்டியல் உண்டு. பெயருக்கு நேரே டிக் அடித்து, செலவுக் கணக்கில் எழுதிவிடுவார்கள். வேண்டாம் என்று நாம் வாயால் சொல்லி அனுப்பிய பெட்டி வந்தவரின் வீட்டுக்கே போய்விட்டால், அங்கே கணக்கில் நம் பெயருக்கு எதிரே டிக் விழுந்திருக்கும். வாங்காத பெட்டிக்கு வாங்கினவராகிவிடுவோம். அதனால்தான் கொண்டுவந்தவரிடம் மட்டும் மறுப்பது போதாது. அனுப்பிய நிறுவனத்துக்கு எழுத்தில் போக வேண்டும். மெயிலை விற்பனைப் பிரதிநிதிக்கு மட்டும் அனுப்பாமல், கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டவருக்கும் நம் மேலதிகாரிக்கும் நகல் போட வேண்டும்.

நாம் சீட்டில் இல்லாத நேரத்தில் பெட்டி வந்து, மேஜையில் உட்கார்ந்திருந்தால் வேலை கொஞ்சம் கூடும். முதல் விதி, பிரிக்கக் கூடாது. உள்ளே என்ன என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று தோன்றும். பிரித்தபின் வெள்ளிக் காசைக் கண்டு திருப்பி அனுப்பினால், அங்கே போய்ச் சேரும்போது காசு இல்லை என்று ஒரு பேச்சு வர வாய்ப்பிருக்கிறது. சீல் உடையாத பெட்டியை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அன்றே, முடியாவிட்டால் மறுநாளே அனுப்பிவிட வேண்டும். ஒரு வாரம் மேஜைக்கு அடியில் கிடந்த பெட்டி திரும்பிப் போனால், பேரம் படியாததால் திருப்பினார் என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

ஆலைக்குள் வந்த பொருள் வெளியே போக கேட் பாஸ் வேண்டும். இதைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கோ இந்த விஷயத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று தோன்றுகிறது. திரும்பி வராத சரக்குக்கான பாஸில், ‘தீபாவளிப் பரிசுப் பெட்டி 1, பிரிக்கப்படவில்லை, அனுப்பியவருக்கே திரும்ப’ என்று எழுதிப் போட்டால், செக்யூரிட்டி தன் ரிஜிஸ்டரில் தேதி, நேரத்தோடு பதிந்துகொள்வார். வந்த பதிவும் போன பதிவும் நம் கையெழுத்தில் இல்லாமல் மூன்றாம் ஆள் கையெழுத்தில் இருக்கின்றன. அட்டைப் பெட்டி இறக்க வந்த அவர்களுடைய லாரியிலேயே கொடுத்தனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். டிரைவர் கையெழுத்து நிறுவனத்தின் ஒப்புதல் ஆகாது. நூறு, இருநூறு ரூபாய் செலவானாலும் ஆலைச் செலவில் கூரியரே மேல். சேர்ந்ததற்கான அத்தாட்சி அதில் கிடைக்கும்.

இனி கடிதம். நீளம் வேண்டாம். உதாரணத்துக்கு:

“ஐயா, வணக்கம். தங்கள் நிறுவனத்தின் சார்பில் நேற்று எங்கள் அலுவலகத்தில் கொடுக்கப்பட்ட தீபாவளிப் பரிசுப் பெட்டி கிடைத்தது. எங்களை நினைவில் வைத்து வாழ்த்தியதற்கு நன்றி. சப்ளையர்களிடமிருந்து அன்பளிப்பு எதையும் ஏற்பதில்லை என்பது எங்கள் நிறுவன விதி. இது எல்லா சப்ளையர்களுக்கும் பொருந்தும். ஆகவே பெட்டியைப் பிரிக்காமல் இன்று கூரியரில் திருப்பி அனுப்புகிறோம். கேட் பாஸ் நகல் இணைத்துள்ளோம். கிடைத்ததும் ஒரு வரி தெரிவிக்கவும். தங்கள் கொட்டேஷனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது வழக்கம்போல் பரிசீலிக்கப்படும். தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்.”

இதில் ‘விலை முடிவாகும்வரை’, ‘தற்சமயம்’ போன்ற சொற்கள் எதுவும் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறது. மரியாதையாக மறுக்கிற அவசரத்தில், “டெண்டர் ஓடிக்கிட்டிருக்கு சார், இப்ப வேண்டாம்” என்று சொல்லத்தான் எல்லோருக்கும் வாய் வருகிறது. இப்போது வேண்டாம் என்றால் பிறகு வாங்கிக்கொள்வேன் என்றுதானே கேட்பவர் புரிந்துகொள்வார்? ஆர்டர் கையெழுத்தான மூன்றாம் நாள் அதே பெட்டி இரண்டு மடங்காக வந்து நிற்கும். அதை வாங்கினால், முன்பே பேசி வைத்துக்கொண்டது போலத் தெரியும். மறுத்தால், “நீங்கதானே சார் அப்புறம் வாங்கிக்கறேன்னீங்க” என்பார். ஆகவே காரணத்தை டெண்டர் மேல் போடாமல் விதியின் மேல் போட வேண்டும்.

கொட்டேஷனைப் பற்றிய வரி எதிர்த்தரப்பின் பயத்துக்காக. பெட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மனதில் ஓடுவது, “நம்மளைக் கழட்டி விட்டுட்டாங்களோ?” என்பதுதான். அதைத் தணிக்க ஒரு வரி போதும். ஆனால் அதைத் தாண்டி ஒரு சொல்லும் கூடாது. “உங்க விலை நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க” என்று ஆறுதல் சொல்லப் போனால் அது தகவல் கசிவு. 65.50 போட்டவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். அடுத்த வாரப் பேச்சில் ஆலைக்கு இருந்த பிடி போய்விடும். அதே காரணத்துக்காக, மெயிலுக்கு முன் போன் செய்து சொல்வதானால் ஒரு நிமிஷத்தில் முடிக்க வேண்டும். பழகினவர்களுக்குள் அந்த போன் நல்லதுதான்; கூரியர்க்காரர் போய்ச் சொல்லும் முதல் செய்தியாக அது இருக்கக் கூடாது. ஆனால் எதிரே இருப்பவர் பேச்சோடு பேச்சாக, “அப்ப நம்ம ரேட்டு...” என்று ஆரம்பிப்பார். “அதை மீட்டிங்ல பேசிக்கலாங்க” என்று வைத்துவிட வேண்டும்.

அரசு அலுவலகம், பொதுத்துறை நிறுவனம் என்றால் அந்த போனும் கூடாது, கடிதம் மட்டும்தான். அங்கே பேரத்துக்கே இடம் குறைவு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. மிகக் குறைந்த விலைப்புள்ளியும் சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தெரிந்தால், அந்தப் புள்ளிதாரரோடு மட்டும் விலையைக் குறைக்கப் பேசலாம் என்பது அதன் ஏற்பாடு. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007இல் அனுப்பிய சுற்றறிக்கையும், டெண்டர் திறந்தபின் பேரம் பொதுவாகக் கூடாது, தவிர்க்க முடியாத நிலையில் எல்-1 எனப்படும் குறைந்த விலைக்காரரோடு மட்டுமே பேசலாம் என்கிறது. தனியார் ஆலையில் மூவரையும் மாறி மாறிக் கூப்பிட்டுப் பேசுவதால் பேச்சு வாரக்கணக்கில் இழுக்கும். பெட்டிகள் நுழைய அவகாசமும் அதிகம்.

சட்டத்தின் பிடி அரசு ஊழியருக்கு வேறு மாதிரி. ஊழல் தடுப்புச் சட்டம் 1988இன் 11ஆம் பிரிவில், தன் அலுவலக வேலையோடு தொடர்புள்ள ஒருவரிடம் ஈடு கொடுக்காமல் ஆதாயம் பெறுவதே குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவரும் ஏழு ஆண்டு வரை உள்ளே போகலாம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் அவருக்கு விலக்கு. இந்தச் சட்டத்தின் ‘பொது ஊழியர்’ வட்டமும் நாம் நினைப்பதைவிடப் பெரியது. அரசின் நிதியுதவி பெறும் கல்லூரியின் ஊழியரும் அதற்குள் வருவார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் லஞ்ச ஒழிப்புத் துறை அரசு அலுவலகங்களில் திடீர்ச் சோதனை போடுவதும், கணக்கில் வராத பணத்தோடு பரிசுப் பொருள்களை எடுத்துக்கொண்டு போவதும் பத்திரிகை படிக்கிறவர்களுக்குப் பழகிய செய்தி. அந்தச் சமயத்தில் மேஜைக்கடியில் பெட்டி இருந்தால், நாளைக்குத் திருப்பி அனுப்ப இருந்தேன் என்பது எடுபடாது.

எல்லாப் பொருளையும் கூரியரில் போட முடியாது என்பதும் உண்மை. பால் இனிப்பு இரண்டு நாளில் கெட்டுவிடும். அதைத் திருப்பி அனுப்பி, அங்கே ஊசிப்போன பெட்டியாகப் போய்ச் சேர்ந்தால் அது அவமரியாதை. அப்படிப்பட்டதை மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, கேன்டீனில் எல்லோருக்கும் பொதுவாக வைத்து, அப்படி வைத்ததையும் இனி வேண்டாம் என்பதையும் அனுப்பியவருக்கு எழுதிவிடலாம். எழுதாமல் வாட்ச்மேனுக்கோ ஆசிரமத்துக்கோ கொடுத்துவிடுவதுதான் பலரும் செய்வது. கொடுத்தவரைப் பொறுத்தவரை நாம் வாங்கிக்கொண்டோம் என்ற நிலை அதனால் மாறுவதில்லை. தர்மம் நம் கணக்கில், செலவு அவர் கணக்கில் என்று இன்னொரு கோணலும் சேர்கிறது. கம்பெனி பெயர் அச்சடித்த காலண்டர், டைரி இவற்றை விளம்பரப் பொருளாகப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அதற்கும் கடிதம் எழுதுவது அதிகப்படி என்பது என் எண்ணம்.

இப்போது பெட்டிக்குப் பதில் போனிலேயே கிஃப்ட் வவுச்சர் வருகிறது. பதினாறு இலக்க எண், ஒரு பின். திருப்பி அனுப்ப அதில் பொருள் ஏதும் இல்லை. செய்ய வேண்டியது, அந்த லிங்கைத் தொடாமல், ‘வவுச்சர் பயன்படுத்தப்படவில்லை, ரத்து செய்துகொள்ளவும்’ என்று ஆபீஸ் மெயிலிலிருந்து எழுதுவது. சொந்த வாட்ஸ்அப்புக்கு வந்திருந்தால் ஸ்கிரீன் ஷாட் எடுத்து அதே மெயிலில் சேர்க்க வேண்டும். மெசேஜை அழித்துவிட்டால் பிரச்சினை போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அனுப்பியவர் போனில் அது நீல டிக்கோடு பத்திரமாக இருக்கும்.

வீட்டுக்கு வருகிற பெட்டிதான் எல்லாவற்றிலும் சங்கடம். நாம் ஆலையில் இருக்க, வீட்டில் அம்மாவோ மனைவியோ, “உங்க ஆபீஸ்ல இருந்து கொடுத்தாங்க” என்று வாங்கி வைத்திருப்பார்கள். குழந்தை சாக்லேட்டைப் பிரித்தும் இருக்கும். வீட்டு முகவரியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவரின் நோக்கம், ஆலை ரிஜிஸ்டருக்கு வெளியே கொடுப்பதுதான்; ஆகவே அதை ரிஜிஸ்டருக்குள் கொண்டுவர வேண்டும். மறுநாள் காலை பெட்டியை ஆலைக்கே எடுத்துப்போய், கேட்டில் உள்வரவு பதிந்து, பிறகு மற்றப் பெட்டிகள் போகும் வழியிலேயே அனுப்ப வேண்டும். பிரித்த சாக்லேட்டைக் கடையில் புதிதாக வாங்கி நிரப்புகிற வேலை வேண்டாம்; பிரிந்தது பிரிந்ததாகவே கடிதத்தில் எழுதினால் போதும். அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்லிவிடுவது அவசியம். வீடு வரை வந்தவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் வீட்டுக்கும் போயிருக்கக்கூடும். வந்த பெட்டியின் பலத்தைச் சோதித்து ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்கிறவர் அவர்தான். பர்ச்சேஸில் திருப்பி, ஸ்டோர்ஸில் வைத்துக்கொண்டால் 65.50 ரூபாய்க்கு மெலிந்த அட்டை வந்து இறங்கும்.

இத்தனையும் செய்வதைவிட, ஆயுத பூஜைக்கு முன்பே எல்லா சப்ளையர்களுக்கும் ஒரே கடிதம் அனுப்பிவிடுவது எளிது. விலை கேட்டு அனுப்புகிற என்கொயரியிலேயே, அன்பளிப்பு ஏற்கப்படாது என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். விதி என்று எழுதிவைக்காத சிறு நிறுவனத்துக்கும் அந்தக் கடிதமே விதியாகிவிடும். முதலாளி கையெழுத்துப் போட்டால் பர்ச்சேஸ்காரர் தனியாக முகம் கொடுக்க வேண்டியதில்லை.

சிலர் திருப்பி அனுப்பியதை வாங்க மறுப்பார்கள். கூரியர் ‘முகவரிதாரர் ஏற்கவில்லை’ என்ற முத்திரையோடு நம் கேட்டுக்கே வந்து நிற்கும். மறுபடி உள்வரவு பதிந்து, ஸ்டோர்ஸில் தனி அலமாரியில் பூட்டி, “பெட்டி எங்கள் ஸ்டோர்ஸில் உள்ளது, பதினைந்து நாளுக்குள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும்” என்று இரண்டாவது மெயில் போட வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் முடிவு நிர்வாகத்துடையது. அட்டைப் பெட்டி விலைப் பேச்சு முடிந்து ஆர்டர் போகிற நாளில், ஒப்பீட்டு அட்டவணையோடு இந்தக் கடிதங்களையும் கேட் பாஸ் நகலையும் அதே ஃபைலில் வைத்துவிட வேண்டும். ஆடிட்டர் முதலில் புரட்டுவது அதைத்தான்.